சூத்திரமும் உரையும்: மாதிரிப் பருமன் பற்றிய ஒரு வாய்பாட்டில் தொக்கு நிற்பன

அண்மைக் காலத்தில் நமது பல்கலைக்கழகங்களின் கலைப் பீடங்களிற் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகளைத் தொடர்ச்சியாகப் படித்து வருவோர் ஓர் உண்மையை அவதானித்திருப்பர். நாட்டாரியலாயினும், வாசகர் பற்றிய ஆய்வாயினும், கடற்றொழிற் சமூகம் பற்றிய ஆய்வாயினும், மூன்றாம் அத்தியாயத்தின் ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒரே வரி வந்து நிற்கும். அது பின்வருமாறு:

n = N / (1 + N e²)

இதில் N என்பது குடித்தொகை. e என்பது பொறுத்துக்கொள்ளத்தக்க வழு எல்லை. n என்பது எடுக்கவேண்டிய மாதிரியின் பருமன். இவ்வரிக்குப் பக்கத்தில் ‘யமனே, 1967’ என ஒரு குறிப்பு இருக்கும். அடுத்த வரியில் ஓர் எண் வரும். அதன் பின்னர் அவ்வெண் எவ்வாறு வந்தது என்று எவரும் வினாவுவதில்லை. இலக்கிய மாணவராகிய நமக்குப் புள்ளிவிபரவியலில் என்ன அலுவல் எனச் சிலர் கேட்கலாம். பிரதி எதுவாயினும் அதன் வாசிப்பு நமது அலுவலே என்பது ஒரு விடை. நேர்மையான விடை வேறு. இவ்வாய்பாட்டின் மேல் எழுப்பப்பட்ட ஆய்வேடுகள் சிலவற்றைப் பரீட்சித்தவர்களுள் நாமும் ஒருவர். அவற்றுள் ஒன்றையேனும் கேட்கவேண்டிய கேள்வியைக் கேளாமலே ஏற்றுக்கொண்டோம்.

தமிழ் மரபிற் சூத்திரம் என்பது சில எழுத்துக்களிற் பல பொருளை அடக்குவது. அக்காரணத்தாலேயே அது உரையை வேண்டி நிற்பது. சொல்லாது தொக்கு நின்றவற்றை விரித்துக் காட்டுவதே உரையாசிரியர் பணி. உரையின்றிச் சூத்திரத்தை மனனஞ் செய்தவர் அதனைப் பொருந்தாத இடத்தும் செலுத்துவர். மேற்கண்ட வாய்பாட்டுக்கு நேர்ந்துள்ளதும் இதுவே. ஆகவே அதற்கு ஓர் உரை எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மூலபாடம் பற்றிச் சில சொற்கள். தாரோ யமனே நியூயோர்க் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். அவர் எழுதிய புள்ளிவிபரவியல் அறிமுக நூலின் இரண்டாம் பதிப்பு 1967இல் வெளிவந்தது. அது தொள்ளாயிரம் பக்கங்களை எட்டும் பெருநூல். வாய்பாடு அதன் இறுதிப் பகுதியில், மாதிரியெடுப்புப் பற்றிய நீண்ட விளக்கத்தின் நடுவே வருகின்றது. நமது மாணவர் மேற்கோள் காட்டுவது அந்நூலையன்று. அதனை மேற்கோள் காட்டிய இன்னொரு ஆய்வேட்டை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளில் இதே வாய்பாடு ‘சுலோவின்’ என்னும் பெயருடன் வழங்குகின்றது. அந்தச் சுலோவின் யார் என்பது இன்றுவரை ஐயத்துக்குரியதாகவே உள்ளது. ஒருவர் அவருக்கு ஒரு முதற்பெயர் தருவர், இன்னொருவர் வேறொன்று தருவர். பிலிப்பைன்ஸ் புள்ளிவிபரவியலாளர் தெஹாதா, புன்சாலன் ஆகிய இருவரும் 2012இல் இதன் தவறான பயன்பாட்டைக் கண்டித்துக் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. ஏட்டுப் பிரதிகளிற் பாடபேதம் தேடும் நமக்கு இந்நிலை வியப்பளிக்க வேண்டியதில்லை. படியெடுப்போர் பெருகப் பெருக உரை உதிர்ந்து சூத்திரம் மட்டும் எஞ்சுகின்றது.

இனி உரைக்கு வருவோம். ஒரு சமூகத்தில் ஒரு பண்பு உடையோரின் விகிதத்தை p எனக் கொள்வோம். எழுமாற்றாக n பேரைத் தெரிந்து அவ்விகிதத்தை மதிப்பிட்டால், மதிப்பீட்டின் நியம வழு p(1 − p)/n என்பதன் வர்க்கமூலமாகும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை உண்மை அகப்படத்தக்க எல்லை வேண்டுமாயின், அந்நியம வழுவை 1.96 ஆற் பெருக்குதல் வேண்டும். யமனே அதனை 2 என முழுமையாக்கிக்கொண்டார். p யாதென முன்கூட்டித் தெரியாதாகையால் மிக மோசமான நிலையை, அதாவது p = 0.5 என்பதை, எடுத்துக்கொண்டார். இப்போது 2இன் வர்க்கம் 4, 0.5ஐ 0.5ஆற் பெருக்கினால் நாலில் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 1. எனவே n = 1/e² என்று மட்டும் எஞ்சுகின்றது. நான்கும் காலும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டமையால் வாய்பாட்டில் அவற்றின் சுவடும் இல்லை. நம்பிக்கை மட்டமும் விகிதத்தின் மாறற்றிறனும் தொக்கு நிற்கும் இடம் இதுவே. குடித்தொகை சிறியதாயின் ஒரு திருத்தம் சேர்க்கப்படும். அத்திருத்தத்தை 1/n = e² + 1/N என எழுதினால் அதன் எளிமை புலப்படும். அதனைத் தலைகீழாக்கினால் நமது சூத்திரம் வந்துவிடும்.

இவ்வடிவத்திலிருந்து இன்னொன்றும் விளங்கும். வழு எல்லை நூற்றுக்கு ஐந்தாயின், குடித்தொகை பத்தாயிரமாயிருக்கும்போது மாதிரி 385. ஓர் இலட்சமாயிருக்கும்போது 398. எவ்வளவு பெருகினாலும் 400ஐத் தாண்டாது. சூத்திரத்தைப் பார்ப்பவர் கண்ணிற் படுவது N ஒன்றே. ஆனாற் பெரிய சமூகங்களில் மாதிரிப் பருமனை அது தீர்மானிப்பதேயில்லை. தீர்மானிப்பது அச்சமூகத்தினுள் இருக்கும் வேறுபாடு. அந்த வேறுபாடோ அழிந்துபோன கால் பங்கினுள் மறைந்து கிடக்கின்றது.

ஒரு களத்தை எடுத்துக்கொள்வோம். மன்னார்த் தீவின் தென்கரையில், மன்னார் நகருக்கு அணித்தாக உள்ள மீனவக் கிராமம் தாழ்வுபாடு. கத்தோலிக்கக் கிராமம், கரைவலையும் படகுத் தொழிலும் அங்குள்ளன. கடற்றொழிலாளர் வழக்கிற் ‘பாடு’ என்பது கரைவலை வளைக்கும் கரைப்பகுதியையும் குறிக்கும். நம்மிடம் ஆலோசனைக்கு வந்த மாணவி ஒருவர் இக்கிராமத்தில் மூன்று விடயங்களை ஆராய விரும்பினார். எத்தனை குடும்பங்களில் நாட்டுக்கூத்தில் ஆடியவரோ பாடியவரோ உள்ளனர் என்பது ஒன்று. குடும்ப வருமானம் எவ்வளவு என்பது மற்றொன்று. கூத்தின் செலவையும் அண்ணாவியாரின் ஊதியத்தையும் பொறுப்பவர் யார், அவ்வாறு பொறுத்தல் தொழில் உறவோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பது மூன்றாவது. மூன்றும் நல்ல கேள்விகள். மூன்றாவது மிக நல்ல கேள்வி.

கணக்குக்கு வசதியாக அறுநூறு குடும்பங்கள் என வைத்துக்கொள்வோம். இது கிராமத்தின் உண்மையான எண்ணிக்கையன்று. இங்கு வரும் ஏனைய எண்களும் அவ்வாறு வைத்துக்கொண்டவையே. e = 0.05 எனின், 600ஐ 2.5ஆல் வகுக்க 240 வரும். கிரேசி, மோர்கன் என்போர் 1970இல் வெளியிட்ட அட்டவணையில் அறுநூற்றுக்கு நேரே 234 என்றிருக்கும். ஆறு குடும்ப வேறுபாட்டைக் கண்டு மாணவர் குழம்புவதுண்டு. 1.96க்குப் பதிலாக 2 இட்டதன் விளைவே அது, வேறெதுவுமன்று.

முதலாவது கேள்விக்கு இந்த 240 பொருந்தும். கூத்தோடு தொடர்புடைய குடும்பங்கள் பாதியளவில் இருக்கக்கூடும். கேள்வி ஆம், இல்லை என்னும் விடையுடையது. எல்லை நூற்றுக்கு ஐந்து போதும். சூத்திரம் பிறந்ததே இத்தகைய கேள்விக்காக. ஆயினும் இங்கேயே ஒரு பிழை நுழைவதைக் கண்டிருக்கிறோம். e என்பதை நம்பிக்கை மட்டத்தின் மறுபக்கமாகக் கொள்வதே அப்பிழை. ‘தொண்ணூற்றைந்து வீத நம்பிக்கை, ஆகவே e = 0.05’ என எழுதுவர். இரண்டும் வெவ்வேறு. நம்பிக்கை மட்டம் சூத்திரத்துள் 2 என ஏற்கனவே நிலைத்துவிட்டது. e மதிப்பீட்டின் அகலத்தையே குறிக்கும். தொண்ணூற்றொன்பது வீத நம்பிக்கை வேண்டிய ஒருவர் e = 0.01 என இட்டால் 566 குடும்பங்கள் வரும். அதே ஐந்து வீத எல்லையைத் தொண்ணூற்றொன்பது வீத நம்பிக்கையோடு பெறுவதற்கு உண்மையில் வேண்டியது 315 மட்டுமே. ஏழை மாணவர் ஒருவர் 251 வீடுகளுக்கு வீணே நடப்பார்.

இரண்டாவது கேள்வி வருமானம் பற்றியது. இங்கு சூத்திரம் பேசாது. வருமானம் ரூபாவில் அளக்கப்படுவது. அதற்கு ‘ஐந்து வீத வழு’ என்பது எதனுடைய ஐந்து வீதம் என்ற வினா எழும். சராசரியை மதிப்பிட வேண்டின் தெரியவேண்டியது வருமானத்தின் நியம விலகல். ஒரு நாள் உழைப்பின் நியம விலகல் 4,000 ரூபா, நாம் பொறுக்கும் வழு 500 ரூபா எனக் கொண்டால், இரண்டு மடங்கு நாலாயிரத்தை ஐந்நூறால் வகுத்து வர்க்கித்தால் 256. அறுநூறு குடும்பங்களுக்குத் திருத்தினால் 179. ஆனால் நியம விலகல் 8,000 ரூபாவாயின் வேண்டியது 378. முந்நூற்றெழுபத்தெட்டுக்கும் இருநூற்று நாற்பதுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சூத்திரம் அறியாது. நியம விலகலை இரட்டிப்பதற்குப் பல காரணம் வேண்டியதில்லை. வலையும் படகும் உடைய சம்மாட்டியும், பங்குக்கு வலை இழுப்பவரும் ஒரே பட்டியலில் நின்றாற் போதும். உற்பத்திச் சாதனத்தின் உடைமை, புள்ளிவிபரவியலின் மொழியில், மாறற்றிறனாகத் தோன்றுகின்றது.

மூன்றாவது கேள்வியில் நிலைமை இன்னும் மோசமாகின்றது. அறுநூறு குடும்பங்களிற் சம்மாட்டிமார் குடும்பம் முப்பது எனக் கொள்வோம். அதாவது நூற்றுக்கு ஐந்து. எழுமாற்றாக 240 எடுத்தால் எதிர்பார்க்கத்தக்க சம்மாட்டிக் குடும்பம் பன்னிரண்டு. அப்பன்னிரண்டினை வைத்துக்கொண்டு, சம்மாட்டிமாரில் எத்தனை வீதத்தினர் கூத்துக்குச் செலவளிக்கின்றனர் எனக் கூற முயன்றால், முப்பதிற் பன்னிரண்டு என்னும் திருத்தத்தைச் செய்த பின்னரும் வழு எல்லை இருபுறமும் ஏறத்தாழ 23 வீதப் புள்ளிகள். மூன்றாம் அத்தியாயத்தில் ஐந்து என அறிவிக்கப்பட்டது ஐந்தாம் அத்தியாயத்தின் குறுக்கு அட்டவணையில் இருபத்துமூன்றாகிவிடுகின்றது. அதனை ஆய்வேடு எங்கும் அறிவிப்பதில்லை. பரீட்சகர் கண்டுகொள்ள எளிய வழியொன்றுண்டு. முடிவுரையின் தலைமையான கூற்று எந்த அட்டவணையிலிருந்து வருகின்றதோ, அவ்வட்டவணையின் மிகச் சிறிய கட்டத்தில் எத்தனை பேர் இருக்கின்றனர் என எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூவர், நால்வர் இருப்பராயின் 240 என்னும் எண் வெறும் அலங்காரமே.

இவ்விடத்து ஒரு பழைய விவாதம் நினைவிற்கு வருகின்றது. ருசியாவிலே முதலாளித்துவத்தின் வளர்ச்சி பற்றி 1899இல் வெளிவந்த நூலில் லெனின், செம்ஸ்த்வோ எனப்படும் உள்ளூராட்சி மன்றங்கள் திரட்டிய குடியானவர் புள்ளிவிபரங்களை விரிவாகப் பயன்படுத்தினார். அவற்றை அவர் தள்ளிவிடவில்லை என்பது கவனிக்கற்பாலது. அவர் கண்டித்தது சராசரிகளையே. குதிரையில்லாத குடியானவனையும் பல குதிரை உடையவனையும் கூட்டி வகுத்துப் பெறப்படும் ‘சராசரிக் குடியானவன்’ எங்கும் வாழவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். விதைத்த நிலத்தின் அளவாலும் உழவு விலங்கின் தொகையாலும் குடும்பங்களைப் பிரித்துக் காட்டியபோது ஒன்றாகத் தோன்றிய குடியானவர் சமூகம் பிளவுண்டு கிடந்தமை தெரிந்தது. அன்று சராசரி செய்ததை இன்று மாதிரிப் பருமன் பற்றிய சூத்திரம் ஓர் அடி முன்னதாகவே செய்துவிடுகின்றது. யாரை எண்ணுவது என்ற கட்டத்திலேயே வேறுபாட்டைக் கரைத்துவிடுகின்றது. நம்மிடையே சிலர் இதிலிருந்து வேறொரு முடிவுக்குத் தாவுவர். எண்களே முதலாளித்துவத்தின் சூழ்ச்சி, கள அனுபவம் போதும் என்பர். இது சோம்பலுக்குப் புரட்சிப் பெயர் சூட்டுவதாகும். மாதிரியெடுப்புச் செப்பமாகச் செய்யப்படின் சில நூறு வீடுகளைக் கொண்டு ஒரு மாகாணத்தையே அறியலாம். வங்காளத்தில் மஹலனோபிஸ் 1930களின் இறுதியில் தொடங்கிய சணற் பயிர் அளவீடுகள் இதற்குச் சான்று. அவரோ ஒரு சூத்திரத்தோடு நின்றுவிடவில்லை. சிறிய முன்னோடி அளவீடுகளைச் செய்து, வேறுபாடு எங்கே மிகுகின்றது, செலவு எங்கே மிகுகின்றது என்று கண்ட பின்னரே பருமனைத் தீர்மானித்தார்.

தாழ்வுபாட்டுக்கு என்ன செய்யலாம்? சம்மாட்டிக் குடும்பம் முப்பதாயின் முப்பதையும் விசாரித்தல் வேண்டும். அங்கே மாதிரியே வேண்டாம், மாதிரி வழுவும் இல்லை. எஞ்சிய 210ஐ ஏனைய 570 குடும்பங்களிலிருந்து எழுமாற்றாக எடுக்கலாம். மொத்த உழைப்பு அதே 240 தான். கிராமம் முழுவதற்குமான வீதத்தைக் கூறும்போது மட்டும் சம்மாட்டிப் படைக்கு அறுநூறில் முப்பது என்னும் நிறையையே கொடுத்தல் வேண்டும். 240இல் முப்பது என்னும் நிறையைக் கொடுத்தாற் கிராமம் உள்ளதிலும் செல்வமுடையதாகத் தோன்றும். இதனை நாம் கூறியபோது மாணவி, “அப்படியெனில் சூத்திரத்தை எங்கே எழுதுவது, சேர்?” என்று கேட்டார். கேள்வி நகைப்புக்குரியதன்று. சூத்திரம் இல்லாத மூன்றாம் அத்தியாயம் திருப்பி அனுப்பப்படும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அவ்வச்சத்தை உண்டாக்கியவர்கள் நாமே.

இதுவரை கூறியவை எல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிவாகும் வாய்ப்பு இன்னதெனத் தெரிந்திருத்தல் வேண்டும் என்பதே அது. அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். கிராம அலுவலரின் குடும்பப் பதிவு, வாக்காளர் இடாப்பு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் என மூன்று கிடைக்கலாம். மூன்றிலும் N வேறுபடும். சங்கப் பட்டியலில் உறுப்பினராகாத கூலியாள் இல்லை. வாக்காளர் இடாப்பிற் குடும்பம் என்னும் அலகே இல்லை. போர்க்காலத்திற் படகேறித் தமிழ்நாட்டு முகாம்களுக்குச் சென்று, பின்னர் மீண்டவர்களும் மீளாதவர்களும் உள்ள ஒரு தீவிலே, பதிவு என்பதே வரலாற்றின் காயங்களை உடையது. இதற்கு மேலாக வாடி அமைத்துத் தங்கும் பருவத் தொழிலாளர் உளர். சோழகக் காலத்திலே தென்கடல் கொந்தளிக்கும். வாடைக் காலத்திலே வடகடல். தொழில் கரை மாறும், ஆட்களும் மாறுவர். மாணவி கிராமத்தில் எத்தனை தொழிலாளர் என வினாவியபோது முதியவர் ஒருவர் கூறிய விடையை அவர் தமது குறிப்பேட்டில் எழுதி வந்திருந்தார்: “எந்தக் காத்துக்குச் சொல்லுறது பிள்ளை? சோழகத்துக்கு ஒரு கணக்கு, வாடைக்கு ஒரு கணக்கு.” N என்னும் ஓர் எழுத்தைப் பற்றி இதனினும் கூர்மையான விமரிசனத்தை நாம் எந்தப் பாடநூலிலும் காணவில்லை.

பட்டியல் கிடைத்த பின்னரும் நடப்பது பெரும்பாலும் வேறு. மாலையிற் கரைக்குச் சென்று, வலை பொத்திக்கொண்டிருப்போரிடம் வினாக்கொத்தை நிரப்பி, எண்ணிக்கை 240ஐ எட்டியதும் பஸ் ஏறிவிடுவர். முப்பது கரைவலைக் குழுக்களில் எட்டெட்டுப் பேராக 240 பேரை விசாரித்ததாகக் கொள்வோம். ஒரே வலையை இழுப்பவர்கள் ஒரே வருமானத்தையும், பல வேளைகளில் ஒரே உறவையும் ஒரே கருத்தையும் பகிர்வோர். எட்டாமவரிடம் கேட்பது முதலாமவரிடம் கேட்டதை ஓரளவு திரும்பக் கேட்பதாகும். இவ்வொருமைப்பாட்டைப் புள்ளிவிபரவியலாளர் ஓர் எண்ணால் அளப்பர். அது 0.2 எனக் கொண்டால், மாறற்றிறன் 1 + 7 × 0.2, அதாவது 2.4 மடங்காகப் பெருகும். 240 பேர் 100 பேருக்குச் சமமாகிவிடுவர். எல்லை ஐந்தன்று, ஏறத்தாழ ஒன்பது. இதற்கும் சூத்திரத்தில் இடமில்லை; அது ஒவ்வொருவரையும் தனித்தனித் தீவாகவே காண்கின்றது.

விடையளிக்க மறுத்தோர் பற்றிய சிக்கல் வேறு. அறுபது வீடுகள் கதவு திறவாதபோது அறுபது இணங்கிய வீடுகளை அவற்றுக்குப் பதிலாக இட்டால் எண்ணிக்கை நிரம்பும், மாதிரி நிரம்பாது. அமெரிக்காவில் 1936இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் சஞ்சிகை ஒரு கோடி வாக்குத் தாள்களை அனுப்பி, இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் வெல்வார் என அறிவித்தது. ரூஸ்வெல்ட் நாற்பத்தெட்டு மாநிலங்களில் நாற்பத்தாறில் வென்றார். பெயர்கள் தொலைபேசி, மோட்டார் வண்டி உடையோர் பட்டியல்களிலிருந்து எடுக்கப்பட்டமையும், திருப்பி அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களிலிருந்து வேறுபட்டமையும் காரணங்களாகக் காட்டப்படுகின்றன. n எவ்வளவு பெரிதாயினும் யார் விடுபட்டார் என்பதற்கு அது ஈடாகாது.

மன்னார்த் தீவின் தென்கரையில் இப்போது காற்றாலைகள் நிற்கின்றன. 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி மின்திட்டத்துக்கு முப்பது சுழலிகள். அவற்றால் மீன்பாடும் கரைவலைத் தொழிலும் பாதிக்கப்படுகின்றனவா என்பது பற்றி மீனவர் முறையிட்டு வருகின்றனர். இனிவரும் ஆய்வுகளில் மீனவர் கருத்து இத்தனை வீதம் என்னும் கூற்று, கொள்கை வகுப்போர் கையில் ஒரு சான்றாக வைக்கப்படும். பட்டியல் எதுவாயிருந்தது, விசாரித்தது எந்தக் காற்றில், பாடு உடையவர் எத்தனை பேர், இழுப்பவர் எத்தனை பேர் என்பன மறைந்து, ‘யமனே, 1967’ மட்டும் அடிக்குறிப்பில் நின்றால், கரையில் நின்றவர் குரல் எவ்வளவு அகலமான எல்லைக்குள் மங்கிப்போனது என்பதை அறிய வழியிராது. அம்மாணவியின் ஆய்வேட்டில் இப்போது மூன்றாம் அத்தியாயம் பதினொரு பக்கங்கள். சூத்திரம் அதில் இருக்கின்றது. முதற் கேள்விக்கு மட்டும். வாடைக் காலத்துப் பட்டியலையும் சோழகக் காலத்துப் பட்டியலையும் வேறுவேறாகத் தயாரிப்பதற்கு அவர் இன்னுமொரு முறை தாழ்வுபாட்டுக்குச் செல்லவேண்டியுள்ளது.